நாளைக்கு வரலை

'நாளைக்கு 5 மணி அப்பாயின்ட்மென்ட் வரலை. வெள்ளிக்கிழமை வருவேன். டாக்டர்கிட்ட சொல்லி டைம் மாத்துங்க. ரிப்ளை பண்ணுங்க.'

அபிராமபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் போக இருந்த வாட்ஸப் செய்தி இது. எழுதியவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் மாமி. அறுபது வயதைத் தாண்டியவர். யாரையும் கடிந்து பேசாதவர். 'படிச்சுப் பாரு, ஏதோ அதட்டற மாதிரி இருக்கு, ஆனா எங்கேன்னு தெரியலை' என்று என்னிடம் போனை நீட்டினார். அவர் உணர்ந்தது சரி. இந்த நான்கு வரிகளில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இலக்கணப்பிழை என்று வாத்தியார் சுழிக்கக்கூடியதும் இல்லை. ஆனாலும் செய்தி இரண்டு இடங்களில் தடுக்குகிறது. காலம் தெளிவாக இல்லை, கேட்கும் விதம் இதமாக இல்லை. இவற்றைத் திருத்த உட்கார்ந்தபோது, தமிழில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உறுப்பால் நடக்கின்றன என்பது தெரிந்தது. காலம் காட்டும் அந்த உறுப்பே பணிவையும் சுமக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் 'வரலை'. எழுத்துத் தமிழில் 'வரவில்லை'. வா என்ற வினையின் 'வர' என்ற வடிவத்தோடு 'இல்லை' சேர்கிறது, அவ்வளவுதான். வந்தேன், வருகிறேன், வருவேன் என்று உடன்பாட்டில் மூன்று காலத்தையும் தனித்தனியாகக் காட்டும் தமிழ், எதிர்மறைக்கு வந்ததும் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிடுகிறது. 'நேத்து வரலை', 'இன்னும் வரலை', 'நாளைக்கு வரலை' மூன்றும் சரி. அதோடு ஆள் யார் என்பதும் மறைந்துவிடுகிறது. வந்தேன் என்றால் நான், வந்தாள் என்றால் அவள். வரலை என்றால் நான், நீ, அவள், பஸ், கரன்ட், எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்போது மாமியின் முதல் வரியை, அவரை அறியாத ஒருவர் படிப்பதுபோலப் படித்துப் பாருங்கள். 'நாளைக்கு 5 மணி அப்பாயின்ட்மென்ட் வரலை.' எழுவாய் 'நான்' என்று எங்கும் இல்லை. வரிக்குள் பெயர்ச்சொல்லாக நிற்பது அப்பாயின்ட்மென்ட் ஒன்றுதான். ஆகவே, வராதது அப்பாயின்ட்மென்ட் என்று படிக்க முழு இடம் இருக்கிறது. மருத்துவமனைகள் முன்பதிவை உறுதிசெய்து குறுஞ்செய்தி அனுப்புவது வழக்கமாகிவிட்ட காலத்தில், அந்த உறுதிச்செய்தி தனக்கு வந்து சேரவில்லை என்று யாரோ புகார் சொல்கிறார் என்றே வரவேற்பாளர் எடுத்துக்கொள்ளலாம். 'அனுப்பிட்டோமே மேடம், செக் பண்ணுங்க' என்று பதிலும் வரலாம். அடுத்த வரியில் வெள்ளிக்கிழமை என்று வருவதால்தான் பொருள் ஒருவாறு பிடிபடுகிறது.

எதிர்மறையில் காலத்தைக் காட்ட வேறு வழி இருக்கிறதே என்று கேட்கலாம். 'வர மாட்டேன்' என்றால் எதிர்காலம், ஆளும் நான்தான். ஆனால் அதில் மறுப்பு ஏறிவிடுகிறது. வர மனமில்லை என்று காதில் விழும். 'வர முடியாது' என்றால் அதைவிடக் கடுமை. அது ஒரு நாளைப் பற்றிய செய்தியாக இல்லாமல் தீர்மானமாக ஒலிக்கிறது. 'என்னால வர முடியலை' என்பதுதான் இங்கே பொருந்தும். அதிலும் காலம் கிடையாது. ஆனால் 'என்னால' என்ற சொல் ஆளைக் கொண்டுவந்துவிடுகிறது. அதோடு, வராதது என் விருப்பம் இல்லை, என் இயலாமை என்று பொருளையும் மாற்றுகிறது. இல்லாத காலத்தை வினைக்கு வெளியே, தேதியாகத்தான் எழுதியாக வேண்டும்.

அந்தத் தேதியில்தான் அடுத்த சிக்கல். மாமி இந்தச் செய்தியை எழுதியது செவ்வாய் இரவு, கடிகாரம் 12ஐத் தாண்டிய பிறகு. தூங்கி எழாத வரை அவருக்கு அது செவ்வாய்தான். அவருடைய 'நாளைக்கு' புதன். போன் மட்டும் புதன்கிழமை, 12.10 என்று முத்திரை குத்தும். காலையில் வரவேற்பாளர் திறந்து பார்க்கும்போது, முத்திரையை நம்பினாலும், தன் கையில் இருக்கும் நாளை நம்பினாலும், 'நாளைக்கு' என்பது வியாழன். வியாழன் பதிவேட்டில் மாமியின் பெயர் இருக்காது. புதன் மாலை 5 மணிக்கு நாற்காலி காலியாகக் காத்திருக்கும்.

இன்று, நாளை, இங்கே, நான் போன்ற சொற்களுக்குத் தமக்கென்று நிலையான பொருள் கிடையாது. யார், எங்கே, எப்போது சொன்னார் என்பதிலிருந்துதான் பொருளை வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971இல் இத்தகைய சொற்களைப் பற்றி சான்டா குரூஸில் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். கடலில் மிதந்து வரும் ஒரு புட்டிக்குள் கடிதம் இருக்கிறது. நாளை நண்பகல் என்னை இங்கே வந்து பார், இவ்வளவு பெரிய குச்சி ஒன்றும் கொண்டு வா என்று அதில் எழுதியிருக்கிறது என்று அவர் தந்த எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. படிப்பவருக்கு நாள் தெரியாது, இடம் தெரியாது, ஆள் தெரியாது, குச்சியின் நீளமும் தெரியாது. நேரில் பேசும்போது இவை எல்லாம் கண்ணெதிரே இருக்கும். எழுதி அனுப்பும்போது உதிர்ந்துபோகும். நள்ளிரவில் அனுப்பும் குறுஞ்செய்தியும் அந்தப் புட்டிக் கடிதத்தின் இனம்தான். எனவே 'நாளைக்கு' போய், '18ஆம் தேதி புதன்கிழமை' வந்தது. தேதி மட்டும் போட்டால் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டாலும் தெரியாது. கிழமையும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும்.

இரண்டாவது வரி, 'வெள்ளிக்கிழமை வருவேன்'. பள்ளியில் இதை எதிர்காலம் என்று படித்தோம். வெள்ளிக்கிழமை இனிமேல்தான் வரப்போகிறது, ஆகவே சரிதானே? பேச்சைக் கவனித்தால் கதை வேறாக இருக்கிறது. நாள் குறித்து உறுதியாக நடக்கப்போவதைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் நிகழ்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம். 'நாளைக்கு ஊருக்குப் போறேன்.' 'வெள்ளிக்கிழமை வரேன்.' எதிர்கால வடிவமோ வழக்கத்துக்கும் ஊகத்துக்கும் அதிகம் போகிறது. 'அவர் தினமும் வாக்கிங் போவார்.' 'இந்நேரம் வீட்டுலதான் இருப்பா.' இன்னும் வியப்பு, கடந்த காலத்தைச் சொல்லவும் அது வரும். 'சின்ன வயசுல சாயங்காலமானா நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போவோம்' என்று ஒருவர் சொன்னால், போவோம் என்பது வடிவத்தில் எதிர்காலம், பொருளில் ஐம்பது வருடத்துக்கு முந்தையது. அந்த வடிவம் உண்மையில் காட்டுவது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நடந்தேறியதாகக் கண்ணால் பார்க்காத ஒன்றை. நடக்கப்போவது, வழக்கமாக நடப்பது, நடந்துகொண்டிருக்கும் என்று நினைப்பது, எல்லாம் அதில் அடங்கும்.

அதனால் 'வெள்ளிக்கிழமை வருவேன்' என்பதில் இரண்டு குறைகள். உறுதி கொஞ்சம் தளர்வாகத் தெரிகிறது. இது சிறியது. பெரியது, அது ஓர் அறிவிப்பு. வெள்ளி மாலை இடம் இருக்கிறதா என்பது மாமிக்குத் தெரியாது. அதை முடிவு செய்யும் பதிவேடு வரவேற்பாளரிடம் இருக்கிறது. இடம் தன் கையில் கிடைத்துவிட்டதுபோல அந்த வினைமுற்று நிற்கிறது. அதட்டல் எங்கே என்று மாமி தேடினாரே, அதில் ஒரு பாதி இங்கே இருந்தது.

மறு பாதி 'மாத்துங்க' என்பதில். நாம் இதை மரியாதையான சொல் என்றே நினைக்கிறோம். மாத்து என்று சொல்லாமல் 'ங்க' சேர்த்திருக்கிறோமே. ஒருவரைப் பன்மையால் சுட்டி உயர்த்துவது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதைக் குறிப்பிடுகிறார். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்வு கருதி வருவது, இலக்கண முறையில் சொல்லும் சொல் அன்று என்று பிரித்துவிடுகிறார். ஆனால் 'ங்க' செய்வது ஆளை உயர்த்துவது மட்டுமே. வினை ஏவலாகவே இருக்கிறது. உயர்ந்த ஆளுக்கு இடப்பட்ட கட்டளையும் கட்டளைதான்.

சிலர் இதை உணர்ந்து 'மாற்றவும்' என்று எழுதுவார்கள். எழுத்து வழக்காக இருப்பதால் பணிவு கூடிவிட்டது என்று தோன்றும். எனக்கு அது உடன்பாடில்லை. 'காலணிகளை வெளியே விடவும்', 'வரிசையில் வரவும்' என்று பலகைகளில் நாம் காண்பது இந்த வடிவம். அது யாரையும் பார்த்துப் பேசாது, முன்னிலையே அதில் இல்லை. மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண்ணிடம் பேசும்போது அது இன்னும் தூரமாகவும் குளிர்ந்தும் போகிறது.

வேண்டுகோளின் எடையை எப்படி அளப்பது என்று யோசித்த ஓர் ஆய்வுக்குத் தமிழே ஒரு தூணாக இருந்திருக்கிறது. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக வந்த பணிவு பற்றிய ஆய்வு இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. அவர்கள் மூன்று மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்டால். மூன்றாவது தமிழ். அதற்காக லெவின்சன் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி மக்கள் பேசுவதைப் பதிவு செய்தார். ஒன்றோடொன்று உறவே இல்லாத மூன்று மொழிகளிலும் மக்கள் கையாளும் உத்திகள் நுணுக்கமாக ஒத்துப்போனதுதான் அவர்களை வியக்க வைத்தது.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. ஒவ்வொருவருக்கும் இரண்டு விருப்பங்கள் உண்டு. பிறர் தன்னை மதிக்க வேண்டும் என்பது ஒன்று. தன் வழியில் பிறர் குறுக்கிடக் கூடாது என்பது மற்றொன்று. இந்த இரண்டும் சேர்ந்ததை சமூகவியலாளர் எர்விங் காஃப்மனைப் பின்பற்றி அவர்கள் 'முகம்' என்கிறார்கள். முகதாட்சண்யம் பார்க்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வேண்டுகோள் எதுவானாலும் இரண்டாவது விருப்பத்தை இடிக்கிறது. எவ்வளவு இடிக்கிறது என்பது மூன்றைக் கூட்டினால் வரும்: பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம், கேட்பவரின் கை ஓங்கியிருக்கும் அளவு, கேட்கும் காரியம் அந்த ஊரில் எவ்வளவு பெரிது என்பது. கூட்டுத்தொகை ஏற ஏற, நேரடிப் பேச்சிலிருந்து விலகிப் போகிறோம்.

மாமியின் செய்தியில் இதைப் போட்டுப் பார்க்கலாம். தூரம் நடுத்தரம். இருமுறை பார்த்த முகம், பெயர் தெரியாது. வயதால் மாமியின் கை ஓங்கியிருக்கிறது, பதிவேட்டால் அந்தப் பெண்ணின் கை. காரியம் சிறிதுதான், ஆனால் கடைசி நேரத்தில் கேட்பதால் கொஞ்சம் பெரிதாகிறது. காலியாகும் இடத்தில் வேறொருவரை அழைக்க அவருக்கு நேரம் குறைவு. ஆக எடை லேசானதும் இல்லை, பாரமானதும் இல்லை. கூழைக்கும்பிடு தேவையில்லை. ஏவல் மட்டும் போக வேண்டும். ஏவலின் இடத்தில் 'மாத்தித் தர முடியுமா?' வந்தது. கேள்வியாக்கியதும் முடியாது என்று சொல்லும் உரிமை எதிராளிக்குப் போய்விடுகிறது. 'தர' என்ற துணைவினை, கிடைப்பது எனக்கான உதவி என்று ஒப்புக்கொள்கிறது. கேட்கும் வினையில் தகுதிநிலை ஒளிந்திருப்பதும் புதிதில்லை. எச்சவியலில் தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் பிரித்து, தாழ்ந்தவர் ஈ என்றும், ஒத்தவர் தா என்றும், உயர்ந்தவர் கொடு என்றும் கேட்பதாக விதி சொல்கிறார். அந்தப் பிரிவு இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் மாமிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே 'தா' நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நான் முதலில் சொன்ன உறுப்புக்கு வருகிறேன். சொல்லி, மாற்றி போன்ற எச்சங்களை விட்டுவிட்டால், மாமியின் செய்தியில் இறந்தகாலம் ஒரு இடத்திலும் இல்லை. திருத்திய செய்தியில் அது மூன்று இடத்தில் நுழைந்தது. முதலாவது: '5 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தேன்.' வாங்கியிருக்கேன் என்று எழுதினாலும் செய்தி உண்மைதான். அந்த நேரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் வாங்கியிருக்கேன் என்பது கெட்டியாகப் பிடித்திருக்கிற பேச்சு. வாங்கியிருந்தேன் என்றதும், படிப்பவர் 'சரி, இப்போ ஏதோ மாறியிருக்கு' என்று அடுத்த வரிக்குத் தயாராகிவிடுகிறார். உரிமையை விடுகிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, காலமே சொல்லிவிடுகிறது. 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்' என்று வாசலில் நின்று சொல்பவரும் இதைத்தான் செய்கிறார். கேட்கும் ஆசை இன்னும் இருக்கிறது, ஆனால் அதை நடந்து முடிந்ததாக வைக்கிறார். கேட்பவர் மறுத்தால் மறுக்கப்படுவது பழைய ஆசைதான்.

மற்ற இரண்டும் கொஞ்சம் மறைந்திருப்பவை: 'நேரம் இருந்தால்', 'ஒரு வரி அனுப்பினால்'. ஆல் என்ற விகுதிக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். இருந்தேன் என்பதில் உள்ள அதே 'இருந்த்', அனுப்பினேன் என்பதில் உள்ள அதே 'அனுப்பின்'. வந்தால், சொன்னால், பார்த்தால், கிடைத்தால், எல்லாமே இப்படித்தான். இனிமேல் நடக்கலாம் என்பதைச் சொல்லத் தமிழ் இறந்தகால அடியை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் நிபந்தனையிலும் பணிவான கேள்வியிலும் வரும் துணைவினைகள் பிறப்பில் இறந்தகால வடிவங்களே. பிரெஞ்சுக்காரரும் எனக்கு இது வேண்டியிருந்தது என்று சொல்லித்தான் கடையில் பணிவாகக் கேட்பார். இது பல மொழிகளில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்த சபீன் இயாட்ரிடூ என்ற மொழியியலாளர் 2000இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். இறந்தகால உறுப்பின் அடிப்படை வேலை 'முன்பு' என்று சொல்வது இல்லை, 'இங்கே இப்போது இருப்பதிலிருந்து விலகியது' என்று சொல்வதுதான். விலகல் நேரத்தில் என்றால் இறந்தகாலம், நடப்பிலிருந்து என்றால் நிபந்தனை. தமிழின் 'இருந்தால்' முழுக்க இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணமாக நடக்கக்கூடிய காரியத்துக்கும் நாம் இதே வடிவத்தைப் பயன்படுத்துகிறோம், வேறு வடிவம் நமக்கு அதிகம் இல்லை. ஆனாலும் தன் விருப்பத்தை ஒரு அடி பின்னால் வைத்துக் கேட்கும்போது மொழி எட்டிப் பிடிப்பது இறந்தகாலத்தை என்பது வெறும் தற்செயலாக எனக்குப் படவில்லை.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. 'இதோ வந்துட்டேன்' என்று சொல்பவர் இன்னும் லஸ் முனையைத் தாண்டியிருக்க மாட்டார். நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார், ஆனால் அது பொய்யாக யாருக்கும் படுவதில்லை. தொல்காப்பியர் வினையியலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். விரைவைக் காட்ட, வருங்காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தால் சொல்லலாம் என்கிறார். இன்னும் உண்டு முடிக்காதவன் 'உண்டேன், போந்தேன்' என்று குரல் கொடுப்பதை உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். பின்னால் நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களையும் சேர்த்தது. அங்கே இறந்தகாலம் உறுதியைக் கூட்டுகிறது, மாமியின் செய்தியில் வற்புறுத்தலைக் குறைக்கிறது. இரண்டு இடத்திலும் காரியம் பேசுபவரின் கையை விட்டுப் போனதாக வைக்கப்படுகிறது. கையை விட்டுப் போன வாக்குறுதி கெட்டியாகிறது. கையை விட்டுப் போன ஆசை இளகுகிறது.

கடைசியில் செய்தி இப்படி வந்தது:

'வணக்கம் மேடம். 18ஆம் தேதி புதன்கிழமை மாலை 5 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தேன். அன்று என்னால் வர முடியவில்லை. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நேரம் இருந்தால் மாற்றித் தர முடியுமா? எத்தனை மணி என்று ஒரு வரி அனுப்பினால் போதும். நன்றி.'

கீழே பெயரும் ஃபைல் எண்ணும். 'டாக்டர்கிட்ட சொல்லி' என்பதை எடுத்துவிட்டோம். யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த வேலை. அதை நாம் சொல்லிக்கொடுப்பது அவரைத் தூது போகிறவராக்குகிறது. 'தயவுசெய்து' சேர்க்கலாமா என்று மாமி கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்தால், முடியுமா, போதும் என்று மூன்று இடத்தில் வழி விட்டாயிற்று. அதற்கு மேல் ஏற்றினால் எடைக்கு மிஞ்சிய பணிவாகி, ஏதோ பெரிய உதவி வரப்போகிறது என்ற எச்சரிக்கையைத்தான் எழுப்பும். மாற்ற வேண்டிய காரணத்தையும் விரித்து எழுதவில்லை. வரிசையில் முப்பது செய்திகளைத் திறக்கும் ஒருவருக்கு முதல் தேவை எந்த நாள், எந்த நாளுக்கு என்பதுதான்.

காலையில் பதில் வந்தது. 'ஓகே மேடம், ஃப்ரைடே 6.15. பத்து நிமிஷம் முன்னாடி வந்துடுங்க.' அதில் ஏவல் இருக்கிறது, முடியுமா இல்லை, இருந்தால் இல்லை. மாமிக்கு அது துளியும் உறுத்தவில்லை. கேட்டது மாமி, தருவது அந்தப் பெண். எடை இப்போது இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதால் நேரடியாகச் சொல்வதில் இடிப்பு இல்லை. மாமி உடனே தட்டிய பதில், 'வந்துடறேன்மா'. வருவேன் என்று எழுதவில்லை. நிகழ்கால வடிவம், அதன் மேல் முடித்துக்காட்டும் 'விடு', கடைசியில் வயதுக்குரிய 'மா'. அதை யாரும் திருத்தித் தரவில்லை.